இட்லியை எண்ணாதீர்கள், எடை போடுங்கள்

டைப் 1 நீரிழிவுக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின், தட்டில் உள்ள மாவுச்சத்தின் அளவைப் பொறுத்தது. எனக்கு மருத்துவர் கொடுத்திருக்கும் காலை விகிதம் 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட். உங்களுடையது வேறாக இருக்கும். ஒரே ஆளுக்குக்கூட காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாறும். ஆனால் தட்டில் எத்தனை கிராம் என்று கண்டுபிடிக்கும் வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

"ஒரு இட்லிக்கு இவ்வளவு" என்று கைப்பேசிச் செயலிகள் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை. அது யார் வீட்டு இட்லி என்று அதற்குத் தெரியாது. என் கணக்கு மாவு அரைக்கும் நாளன்றே தொடங்குகிறது. 400 கிராம் இட்லி அரிசியில் சுமார் 312 கிராம் மாவுச்சத்து இருக்கும். 100 கிராம் உளுத்தம்பருப்பில், நார்ச்சத்தைக் கழித்தால், 50 கிராம். மொத்தம் 362. அரைத்துக் கரைத்த மாவைப் பாத்திரத்தின் எடை போக நிறுத்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் 1,300 கிராம் பக்கம் வரும். ஆக 100 கிராம் மாவில் 28 கிராம் மாவுச்சத்து. எங்கள் தட்டின் ஒரு குழி 45 கிராம் மாவு கொள்ளும். அப்படியானால் ஓர் இட்லிக்கு 12.5 கிராம். புளிப்பதால் கொஞ்சம் குறையும்; கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை.

தட்டை மாற்றினால் இந்த எண் மாறிவிடும். மறுநாள் தோசைக்காக மாவில் தண்ணீர் விட்டுத் தளர்த்தினாலும் 100 கிராமுக்கான அளவு இறங்கிவிடும். சிறுதானிய இட்லிதானே என்று கணக்கு வைக்காமல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தினை, குதிரைவாலி எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

தேங்காய்ச் சட்னியில் கவனிக்க வேண்டியது தேங்காய் அல்ல, பொட்டுக்கடலை. அரை மூடித் தேங்காயில் நார் போக ஏழு கிராம் போலத்தான் இருக்கும். அதோடு அரைக்கும் 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலையில் 11 கிராம். பன்னிரண்டு கரண்டி சட்னிக்கு மொத்தம் 18 என்றால் 2 கரண்டிக்கு 3 கிராம். கடலையை அள்ளிப்போட்டுக் கெட்டியாக்கினால் இரட்டிப்பாகும்.

பலர் விட்டுவிடுவது சாம்பாரை. குழம்புதானே என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டுச் சட்டியில் 100 கிராம் துவரம்பருப்பு 55 கிராம், சின்ன வெங்காயமும் மற்றக் காய்களும் புளியும் சேர்ந்து 30 கிராம் கொடுக்கின்றன. 1,200 மில்லி சாம்பாருக்கு 85 என்றால், 150 மில்லிக் கிண்ணத்துக்கு 10 கிராமுக்குச் சற்று மேல். உருளைக்கிழங்கோ வெல்லமோ சேர்ந்தால் இன்னும் ஏறும்.

ஒரு காலை உணவு: மூன்று இட்லிக்கு 37.5, சாம்பார் 10, சட்னி 3. கூட்டினால் ஐம்பது சொச்சம். எனக்கு 5 யூனிட். சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை சரியாக இருந்தால் ஊசியைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே உட்காருகிறேன், ஏனென்றால் இட்லி வேகமாகச் செரிக்கும். சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருந்தால் அந்த இடைவெளி கிடையாது. 70க்குக் கீழே போயிருந்தால் முதலில் 15 கிராம் குளுக்கோஸ், பிறகுதான் மற்றதெல்லாம்.

கணக்கு சரியா என்பதை இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு சொல்லும். ஒரு நாள் ஏறியதை வைத்து எதையும் மாற்றாதீர்கள். அதே சாப்பாடு, அதே அளவு, மூன்று நான்கு நாள் தொடர்ந்தும் ஏறுகிறது என்றால் இரண்டில் ஒன்று: எண்ணிக்கை தப்பு அல்லது விகிதம் தப்பு. இதைப் பிரித்துப் பார்க்க, சாம்பாரை விட்டுவிட்டுச் சட்னியோடு மட்டும் இட்லி சாப்பிட்டு அதற்கேற்பவே ஊசி போட்டுப் பார்ப்பேன். அன்று அளவு சரியாக நின்றால் குறை சாம்பார்க் கணக்கில். அப்போதும் ஏறினால் மாவை மறுபடி நிறுக்க வேண்டும். அதுவும் சரி என்றால் விகிதத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியதுதான், நாமாக மாற்றக் கூடாது.

ஓட்டலில் தராசுக்கு வழியில்லை. அங்கே ஓர் இட்லி 60 கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம், ஆகவே 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்கிறேன். பதினான்கு குட்டி இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தரும் தட்டு பார்வைக்குச் சின்னது. இட்லி ஒன்று 11 கிராம் எடை என்றாலே மொத்தம் 150 கிராம் தாண்டிவிடும். நம் வீட்டு இட்லி மூன்றுக்கு மேல் வருகிறது, கிண்ணச் சாம்பார் அதற்கு மேலே.