வினாவின்றி வரும் பாடல்வரிகள்: அடையாளங்காணலும் மேற்கோள் எல்லையும்

தமிழ்த்துறைகளுக்கும் நூலகங்களுக்கும் வரும் மடல்களுள் ஒருவகை, திரைப்பாடலொன்றின் மூன்று நான்கு வரிகளை மட்டுமே கொண்டிருக்கும். வினா இராது. அனுப்பியவர் வேண்டுவது பாடலின் பெயரா, எஞ்சிய வரிகளா, பொருளா, பாடத்தின் சரிபார்ப்பா என்பது விளங்காது. ஆசிரியர் பெயரின்றி உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் பழகிய தமிழாய்வுக்கு இது முற்றிலும் புதிதன்று. ஆயினும் அங்கே நூற்பா உண்டு. மேற்கோள் எதற்காகக் காட்டப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிடும். இங்கே வரிகளைச் சூழ்ந்து எதுவும் இல்லை.

ஆதலின் முதற்பணி அடையாளங்காணலே. இதில் நேரும் இடர் பெரும்பாலும் ஒன்றுதான். பாடல் தொகுப்புகளின் அகராதி பல்லவியின் முதற்குறிப்பால் அமைந்திருக்க, மனத்தில் தங்கி அனுப்பப்படுவதோ சரண வரி. முதற்சொல்லைக் கொண்டு தேடுபவர் பாடல் தொகுப்பில் இல்லையென்ற தவறான முடிவுக்கு வரக்கூடும். செவிவழிப் பாடத்தில் சொற்பிரிப்பு மாறியிருப்பதும் உண்டு. மேலும், பாடலாசிரியர் பலர் பணியாற்றிய படங்களின் பெயர்ப்பட்டியல் எந்தப் பாடல் எவருடையது என்பதைப் பிரித்துக் காட்டாமல் விடுவதுண்டு. வாலியின் பாடல் கண்ணதாசனுடையதாகப் பேசப்படுவதற்கு நடை ஒற்றுமையோடு இதுவும் காரணமாகலாம். அத்தகைய இடத்தில் படத்தின் பாட்டுப் புத்தகத்தையும் இசைத்தட்டின் உறையையும் ஒப்புநோக்கிய பின்னரே ஆசிரியர் பெயரை உறுதிசெய்தல் தகும்.

ஆசிரியர் எவர் என்பது இலக்கிய வரலாற்றுச் செய்தி மட்டுமன்று. மேற்கோள் எல்லையும் அதைப் பொறுத்தே அமைகிறது. 1961இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய பாடலொன்றின் சரணத்தில் நான்கு வரிகள் ஒருவருக்கு வந்துள்ளதாகக் கொள்வோம். படம் வெளியாகி அறுபது ஆண்டுகள் கடந்தன. எனவே பாடலை முழுமையாக அச்சிடலாம் என்று கருதுவோர் உளர். இது பிழை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் காலக்கணக்கு வெளியீட்டிலிருந்து தொடங்கும். பாடல்வரியோ இலக்கியப் படைப்பு. அதற்கு ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். ஆகவே அப்படத்தின் உரிமை 2021 இறுதியில் முடிந்திருக்க, 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 இறுதிவரை உரிமை நீடிக்கும். 2013இல் மறைந்த வாலிக்கு அது 2073. பாரதியார் பாடல்களைப்போல் நாட்டுடைமையானவற்றிற்கு இத்தடை இல்லை.

உரிமை நிலவும் வரிகளையும் ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றின் பொருட்டு எடுத்தாளச் சட்டத்தின் 52(1)(அ) பிரிவு இடமளிக்கிறது. எத்தனை வரிகள் என்று அப்பிரிவு எண்ணிக்கை வகுக்கவில்லை. ஆய்வேடுகளில் வழங்கும் ‘நான்கு வரிவரை தடையில்லை’ என்னும் கூற்றுக்கு அதில் ஆதாரமில்லை. தோப்பில் பாசியின் நாடகத்திற்கு மறுப்பாக எழுந்த நாடகம் குறித்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 1996இல் மூன்றனைக் கருதியது: எழுதப்படும் கருத்துரையோடு ஒப்பிடுகையில் எடுத்தாண்ட பகுதியின் அளவும் மதிப்பும், எடுத்தாண்டதன் நோக்கம், மூலத்தோடு அது போட்டியிடும் வாய்ப்பு.

இவ்வளவைகளைத் திரைப்பாடலுக்குப் பொருத்தும்போது அதன் சிற்றுருவம் முதன்மை பெறுகிறது. முந்நூறு பக்கப் புதினத்தில் நான்கு வரி துளியளவே. பல்லவியும் இரண்டு மூன்று சரணங்களுமே கொண்ட பாடலில் அது கணிசமான பங்கு. பல்லவியாயின் பாடலின் உயிர்ப்பகுதியும் அதுவே. வரிதோறும் ஆராய்ச்சி தொடருமாயின் மேற்கோள் தன் இடத்தை ஈட்டிக்கொள்கிறது. வரிகளை அடுக்கி ‘எனக் கவிஞர் பாடுகிறார்’ என்று முடிக்கும் கட்டுரையில் அது அணியாக மட்டும் நிற்கிறது. அங்கே பொழிப்பே போதும். (இக்குறை முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளில் அரிதன்று.)

வினாவற்ற மடலுக்குரிய மறுமொழியும் இதனால் தெளிவாகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், படம், ஆண்டு, ஆசிரியர், வரிகள் சரணத்தில் நிற்குமிடம் ஆகியவற்றைச் சொல்லி, அவற்றின் கருத்தை இரண்டொரு வாக்கியங்களில் தந்து, பாடம் வேறுபட்டிருப்பின் அச்சொல்லை மட்டும் சுட்டி, வேண்டுவது யாதெனக் கேட்டல் முறை. பாடலை முழுதும் படியெடுத்து அனுப்புவது விரைந்த உதவிபோல் தோன்றினும், அங்கே ஆராய்ச்சி இல்லை. மூலத்தை வாங்கும் தேவையையே அது நீக்கிவிடுகிறது. முழுப்பாடம் வேண்டுவோரை அச்சில் உள்ள தொகுப்பிற்கு ஆற்றுப்படுத்தலாம். நூலில் சேர்க்க விழைவோர் முன்னிசைவு பெறுதல் வேண்டும். அவ்வுரிமை கவிஞரின் குடும்பத்தாரிடமன்றிப் படத் தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருக்கலாமாதலின், எவரிடம் கேட்பது என்பதையும் ஒப்பந்தம் கண்டே தெளிதல் வேண்டும்.