இருக்கை அருகே நான்கு நிமிடம்

பிளஸ் டூ மாணவர்களுக்குத் தேர்வு நெருங்கினால் முதலில் நிற்பது விளையாட்டுப் பாடவேளைதான். அந்த நேரமும் சிறப்பு வகுப்பாகிவிடுகிறது. மைதானத்திற்குப் போக முடியாத இந்த மாதங்களுக்காக, உடற்கல்வி ஆசிரியர் வகுப்பறையிலேயே செய்யும்படி ஒரு சிறு பயிற்சியைத் திட்டமிடலாம். சீருடையை மாற்ற வேண்டாம். இடமும் அதிகம் வேண்டாம்.

மாலை 4.30 முதல் 6.30 வரை சிறப்பு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 5.10-க்கு ஒருமுறை, 5.50-க்கு ஒருமுறை என இரண்டு இடைவேளைகள் போதும். ஒவ்வொன்றும் நான்கு நிமிடம்.

முதலில் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, குதிகால்களை 20 முறை மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும். வெகுநேரம் உட்கார்ந்தால் கால்களில் இரத்தம் தேங்கும். கெண்டைக்கால் தசை இயங்கும்போது அது மேலேறும்.

அடுத்து, தோள்களைக் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, தளர விட வேண்டும். இப்படி ஐந்து முறை. பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தோள்கள் தானாகவே மேலேறி நிற்கும். அது அவர்களுக்கே தெரியாது. வேண்டுமென்றே இறுக்கித் தளர்த்தினால்தான் வித்தியாசம் புரியும்.

பிறகு கழுத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்த்துப் பத்து விநாடி நிறுத்த வேண்டும், இரண்டு முறை. எழுதும் கையை முன்னே நீட்டி, மற்றக் கையால் விரல்களை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பதினைந்து விநாடி. அடுத்த கைக்கும் அப்படியே.

கடைசியாக உட்கார்ந்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி வெளியே விட வேண்டும். ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும்.

தவறுகள் இரண்டு இடத்தில் நேரும். அவசரத்தில் கழுத்தை வட்டமாகச் சுழற்றுவார்கள்; அது வேண்டாம். மூச்சை வலிந்து வேகமாக இழுப்பார்கள். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ அதற்கு அதுவே அடையாளம். உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடச் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு எழுந்ததும் மயக்கம் வரலாம். அவர்கள் உட்கார்ந்தபடியே செய்யட்டும்.

பெற்றோர்களே, வீட்டிலும் நாற்பது நிமிடப் படிப்புக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் செல்போன் பார்ப்பது ஓய்வாகாது. கழுத்து அதே குனிவில்தான் இருக்கும், கண்ணும் அதே வேலையைத்தான் செய்யும்.

இந்தப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. பிள்ளை பல நாட்கள் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் நான்கு நிமிடப் பயிற்சி அதற்குப் போதாது. வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.