பாராமீட்டர் எத்தனை கோடி? அது மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு)



"இந்த மாடலில் 70 பில்லியன் பாராமீட்டர், அந்த மாடலில் 175 பில்லியன்" என்று இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது. மோட்டாருக்குக் குதிரைத்திறன் சொல்வது போல, எண் பெரிதாக இருந்தால் சரக்கும் பெரிது என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மாடல் தேர்ந்தெடுக்கும்போதும் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாராமீட்டர் என்றால் என்ன?

முதலாண்டு கணிதத்தில் நேர்கோட்டின் சமன்பாடு படித்தோம்.

y = mx + c

இதில் x நாம் கொடுப்பது, y நமக்குக் கிடைப்பது. m, c இரண்டும் கோட்டின் போக்கைத் தீர்மானிக்கும் எண்கள். லேபில் எடுத்த ரீடிங்குகளுக்கு ஏற்றபடி கோடு போட வேண்டுமானால் m-ஐயும் c-யையும் தான் மாற்றிப் பார்ப்போம். இந்த இரண்டும்தான் பாராமீட்டர்கள். ஆக, நேர்கோடு என்பது இரண்டு பாராமீட்டர் மாடல்.

நம்ம பிரிவு பாஷையில் சொன்னால், பாராமீட்டர் என்பது போர்டில் உள்ள பிரீசெட் மாதிரி. ஸ்க்ரூ டிரைவரால் திருகித் திருகி, அவுட்புட் சரியாக வந்ததும் அப்படியே விட்டுவிடுகிறோம் அல்லவா? அதேதான். மொழி மாடலில் இந்தத் திருகும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது. அதற்குப் பெயர்தான் டிரெய்னிங்.

டிரெய்னிங் எப்படி நடக்கிறது? "காவிரி ஆறு வங்கக் கடலில்" என்று கொடுத்து, அடுத்து வரும் சொல்லை மறைத்துவிடுவார்கள். மாடல் ஒரு சொல்லை ஊகிக்கும். "கலக்கிறது" என்ற சரியான சொல்லோடு அதை ஒப்பிட்டு, தப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்தத் தப்பு குறையும் பக்கமாக எல்லாப் பிரீசெட்டுகளையும் இம்மியளவு திருகுவார்கள். பிறகு அடுத்த வாக்கியம். இப்படியே கோடிக்கணக்கான முறை. பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் கொடுப்பார்கள். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஒரு டோக்கன் முழுச் சொல்லாகவும் இருக்கலாம், சொல்லின் பகுதியாகவும் இருக்கலாம்.

175 பில்லியன் எங்கிருந்து வருகிறது?

ஒரு பில்லியன் என்பது 100 கோடி. 2020-இல் ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜி.பி.டி-3 மாடலில் 175 பில்லியன், அதாவது 17,500 கோடி பாராமீட்டர். இதைக் கால்குலேட்டரை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம்.

அந்த மாடலுக்குள் ஒவ்வொரு டோக்கனும் 12,288 எண்கள் கொண்ட வரிசையாகப் பயணம் செய்கிறது. அது கடக்க வேண்டிய அடுக்குகள் 96. ஒவ்வொரு அடுக்கிலும் பெரிய பெரிய மேட்ரிக்ஸ்கள் உள்ளன. டோக்கன்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பார்க்க 12,288 வரிசை, 12,288 நிரல் கொண்ட மேட்ரிக்ஸ் நான்கு. அடுத்து வரும் பகுதியில் இரண்டு மேட்ரிக்ஸ். அவை ஒவ்வொன்றும் இதைப்போல நான்கு மடங்கு பெரியவை, எனவே எட்டுக்குச் சமம். மொத்தம் 12.

12,288 × 12,288 = ஏறத்தாழ 15.1 கோடி
15.1 கோடி × 12 = ஏறத்தாழ 181 கோடி
181 கோடி × 96 = ஏறத்தாழ 17,400 கோடி

டோக்கன்களின் பட்டியலுக்கான மேட்ரிக்ஸையும் சேர்த்தால் சுமார் 17,500 கோடி வந்துவிடும். மேட்ரிக்ஸில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணும் ஒரு பாராமீட்டர். இதில் மாயம் ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எண்ணியது கட்டங்களை மட்டுமே. அந்தக் கட்டங்களில் உள்ள எண்கள் நன்றாகத் திருகப்பட்டவையா, அரைகுறையாகத் திருகப்பட்டவையா என்று இந்தக் கணக்கு சொல்லாது. டிரெய்னிங் தொடங்கும் முன், கட்டங்களில் கண்டபடி எண்கள் இருக்கும்போதும் அது 175 பில்லியன் பாராமீட்டர் மாடல்தான்!

கோஃபரும் சின்சில்லாவும்

இந்த விஷயத்தை நேரடியாகச் சோதித்துக் காட்டியவர்கள் லண்டனைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தார். அவர்கள் 2021 டிசம்பரில் கோஃபர் என்ற மாடலை வெளியிட்டார்கள். அதில் 280 பில்லியன் பாராமீட்டர். படிக்கக் கொடுத்த பாடம் 300 பில்லியன் டோக்கன். 2022 மார்ச்சில் அதே நிறுவனம் சின்சில்லா என்ற மாடலை வெளியிட்டது. இதில் 70 பில்லியன் பாராமீட்டர்தான், கோஃபரில் கால் பங்கு. ஆனால் படிக்கக் கொடுத்தது 1,400 பில்லியன் டோக்கன், அதாவது நான்கு மடங்குக்கும் மேல்.

இதில் அழகு என்னவென்றால், இரண்டுக்கும் செலவான கணக்கு வேலை ஏறத்தாழ ஒன்றே. அதற்கு ஒரு தோராயச் சூத்திரம் உண்டு.

C = 6 × N × D

N பாராமீட்டர் எண்ணிக்கை, D டோக்கன் எண்ணிக்கை, C மொத்தக் கணக்கு வேலை. 6 எப்படி வந்தது? ஒரு டோக்கனுக்கு ஒரு பாராமீட்டர் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் செய்கிறது, அது 2. தப்பைப் பின்னோக்கி எடுத்துச் சென்று, எவ்வளவு திருக வேண்டும் என்று கண்டுபிடிக்க அதைப்போல இரு மடங்கு, அது 4. ஆக 6. எண்களைப் போட்டால் கோஃபருக்குச் சுமார் 5 × 10²³, சின்சில்லாவுக்குச் சுமார் 6 × 10²³. கிட்டத்தட்ட சமம்தான்.

அதாவது, கையில் உள்ள பட்ஜெட் ஒன்று. அதை வைத்து நிறைய பிரீசெட் போட்டுக் கொஞ்ச நேரம் திருகலாம். அல்லது குறைந்த பிரீசெட் போட்டு நிறைய நேரம் திருகலாம். எது சரி?

பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். எம்.எம்.எல்.யு. என்று ஒரு தேர்வு. அதில் 57 பாடங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 25 சதவீதம் வந்துவிடும். கோஃபர் எடுத்தது 60 சதவீதம். கால் பங்கே உள்ள சின்சில்லா எடுத்தது 67 சதவீதத்துக்கும் மேல். 57 பாடங்களில் 51-இல் சின்சில்லா முந்தியது. கல்லூரிக் கணிதம், தர்க்கம் உட்பட நான்கு பாடங்களில் மட்டும் கோஃபர் முன்னால் நின்றது.

ஏன் இப்படி ஆயிற்று?

டோக்கனைப் பாராமீட்டரால் வகுத்துப் பாருங்கள். கோஃபரில் ஒரு பாராமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டோக்கன்தான் கிடைத்தது. சின்சில்லாவில் 20. கோஃபரின் பிரீசெட்டுகள் சரியான இடத்துக்கு வந்து சேரும் முன்பே திருகுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாடல் பார்த்தே இராத பாடத்தைக் கொடுத்து, அதில் வரும் தப்பை கிராஃபாக வரைவார்கள். பாடம் கூடக் கூட அந்தக் கோடு இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

இதற்கு முன் 2020-இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்கள். பட்ஜெட் பத்து மடங்கு கூடினால் மாடலை ஐந்தரை மடங்கு பெரிதாக்கு, பாடத்தை 1.8 மடங்கு கூட்டினால் போதும் என்றது அது. அதனால்தான் எல்லோரும் பெரிய மாடல் பக்கம் ஓடினார்கள். டீப்மைண்ட் குழுவினர் 400-க்கும் மேற்பட்ட சிறு மாடல்களை வெவ்வேறு அளவுப் பாடத்தில் பழக்கிப் பார்த்து, இரண்டையும் ஒரே விகிதத்தில் கூட்ட வேண்டும் என்று கண்டார்கள். மாடலை இரு மடங்காக்கினால் பாடத்தையும் இரு மடங்காக்க வேண்டும். சின்சில்லா அந்தக் கணக்கின்படி கட்டியது.

அப்படியானால் சிறியதே நல்லதா?

அப்படியும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே மாதிரிப் பாடம், ஒரே மாதிரி பயிற்சி முறை, பாடமும் போதுமான அளவு என்றால் பெரிய மாடல்தான் ஜெயிக்கும். பிரீசெட் மிகக் குறைவாக இருந்தால் எவ்வளவு திருகினாலும் ஒரு எல்லைக்கு மேல் சரிவராது. வளைந்து போகும் ரீடிங்குகளுக்கு நேர்கோடு பொருந்தாதது போல. பாராமீட்டர் எண்ணிக்கை, மாடலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்கிறது. அந்த இடம் எப்படி நிரப்பப்பட்டது என்று சொல்வதில்லை.

20 டோக்கன் என்பதும் மந்திர எண் அல்ல. டிரெய்னிங் செலவை மட்டும் பார்த்தால் வரும் கணக்கு அது. மாடலைத் தயாரித்த பின் தினமும் ஓட்டும் செலவு தனி, அது பாராமீட்டர் எண்ணிக்கையோடு கூடிக்கொண்டே போகும். அதனால் சிறிய மாடலை அந்தக் கணக்குக்கு மேலும் பழக்குகிறார்கள். 2024-இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட லாமா 3 வரிசையில் 8 பில்லியன் மாடலுக்கு 15 டிரில்லியன் டோக்கனுக்கும் மேல் கொடுத்தார்கள். ஒரு பாராமீட்டருக்கு 1,800-க்கும் மேல்!

மூன்றாவதாக, படித்து முடித்த பின் நடக்கும் பயிற்சி. 2022-இல் ஓபன்ஏஐ, மனிதர்கள் எழுதிக் காட்டிய பதில்களையும் அவர்கள் இட்ட தரவரிசையையும் வைத்து ஜி.பி.டி-3-இன் சிறிய வடிவத்தை மேலும் பழக்கியது. அதில் 1.3 பில்லியன் பாராமீட்டர்தான். ஆனாலும், சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்த மதிப்பீட்டாளர்கள், 175 பில்லியன் ஜி.பி.டி-3-இன் பதில்களைவிட இதன் பதில்களையே அதிகம் விரும்பினார்கள். பொது அறிவில் பெரியது பெரியதுதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் பாராமீட்டரைக் கூட்டுவதால் மட்டும் வந்துவிடவில்லை.

நம்ம லேபுக்கு வருவோம்

பாராமீட்டர் எண்ணிக்கை நிச்சயமாகச் சொல்வது ஒன்று உண்டு, அது மெமரி. ஒரு எண்ணுக்கு 2 பைட் என்றால், 7 பில்லியன் மாடலுக்கு 14 ஜி.பி. வேண்டும். 8 ஜி.பி. மெஷினில் ஏறாது. அதையே எண்ணுக்கு 4 பிட் ஆகச் சுருக்கினால் சுமார் 3.5 ஜி.பி.; ஓட்டிப் பார்க்கலாம், துல்லியம் கொஞ்சம் குறையும்.

மெமரியில் அடங்குகிறதா என்று பார்த்த பிறகு, பாராமீட்டர் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை டோக்கன் படித்தது? என்ன பாடம் படித்தது, அதில் தமிழ் எவ்வளவு? எந்த வேலைக்குப் பழக்கப்பட்டது? இதற்கெல்லாம் விடை கிடைக்காவிட்டால், உங்கள் ப்ராஜெக்டுக்குத் தேவையான ஐம்பது கேள்விகளை நீங்களே எழுதி, இரண்டு மாடலுக்கும் கொடுத்து மார்க் போடுங்கள். பிரீசெட்டை எண்ணிப் பார்த்து எந்த ரேடியோவையும் யாரும் வாங்குவதில்லை; பாட வைத்துக் கேட்டுத்தான் வாங்குகிறோம்.