நல்ல சேதியை யாரிடம், எப்போது சொல்வது?

நாள் தள்ளிப்போய், சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடும் விழுந்துவிட்டது. வீட்டில் சந்தோஷம். உடனே ஒரு கேள்வியும் வருகிறது: "இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடலாமா, மூணு மாசம் போகட்டுமா?"

"மூணு மாசம் வெளியில சொல்லாதே, கண்ணு பட்டுடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கண் படுவதால் கரு கலைவதில்லை. ஆனால் அந்த மூன்று மாதக் கணக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. உறுதியான கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி முதல் 12 வாரத்துக்குள் நடந்துவிடும். அதனால்தான் பலரும் முதல் ஸ்கேன் முடியும் வரை ஊருக்குச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஸ்கேனில் என்ன தெரிகிறது?

சிறுநீர்ப் பரிசோதனை "கர்ப்பம்" என்று மட்டும்தான் சொல்லும். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா, உயிரோடு வளர்கிறதா, ஒன்றா இரட்டையா என்பதெல்லாம் ஸ்கேனில்தான் தெரியும். ஏறக்குறைய 7 வாரத்தில் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். 11 வாரம் முடிந்து 14 வாரம் முடிவதற்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் அளவை வைத்துப் பிரசவத் தேதியைத் திருத்தமாகக் குறிக்கலாம். சில குறைபாடுகளின் அடையாளமும் அப்போது தெரியக்கூடும். அந்த ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருந்தால், அதன் பிறகு கரு கலையும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு தம்பதியின் கணக்கு

மனைவி தையல் கம்பெனிக்குப் போகிறார். கணவர் விவசாயக் கூலி. கடைசி மாதவிடாய் தொடங்கியது ஜூன் 5. வாரக் கணக்கு அந்த நாளிலிருந்துதான் ஆரம்பம். ஜூலை 10-ல் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள், 5 வாரம். ஜூலை 24-ல் 7 வாரம். முதல் ஸ்கேனுக்குரிய நாட்கள் ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 10 வரை. ஆக, தெரிந்த நாளுக்கும் ஸ்கேனுக்கும் நடுவே குறைந்தது 6 வாரம் இருக்கிறது. இந்த வாரங்களில் யாரிடமும் மூச்சு விடாமல் இருக்கலாமா? கூடாது. ஊருக்குச் சொல்வதைத் தள்ளிப் போடலாம். சிலரிடம் மட்டும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கிராம சுகாதார செவிலியர். "நர்சம்மா வீட்டுக்கு வந்தா தெருவுக்கே தெரிஞ்சிடுமே" என்று சிலர் மறைக்கிறார்கள். நீங்களே துணை சுகாதார நிலையத்துக்குப் போய், "இன்னும் யாருக்கும் சொல்லல, வெளியில தெரிய வேணாம்மா" என்று சொல்லிவிடுங்கள். அவர் பதிவு செய்து, ஆர்.சி.எச். எண் வாங்கித் தருவார். 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். அன்றைக்கே ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுப்பார். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவது இந்த ஆரம்ப வாரங்களில்தான். ஸ்கேன் முடிந்து பதியலாம் என்று காத்திருந்தால், மாத்திரை வேலை செய்ய வேண்டிய காலம் கடந்துவிடும்.

இரண்டாவது, வீட்டில் ஒருவர். கணவர் காட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் மனைவிக்கு ஒன்று ஆனால், விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். அது மாமியாராக இருக்கலாம், தாயாராக இருக்கலாம், ஓரகத்தியாகவும் இருக்கலாம். யார் என்பதை மனைவி தீர்மானிக்கட்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி வரும், இரத்தம் படும், தோள்பட்டை வலிக்கும், மயக்கம் வரும். விஷயம் தெரியாதவர்கள், "வெயில்ல வேலை செஞ்ச அசதி" என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் 108-ஐக் கூப்பிடுவார்கள். அங்கே உயிரே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, மருந்தும் எக்ஸ்ரேயும் சம்பந்தப்பட்டவர்கள். காய்ச்சல், உடம்பு வலி என்று மருந்துக் கடைக்குப் போனாலும், டாக்டரிடம் போனாலும், "முழுகாம இருக்கேன்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில்

நம் தம்பதியில் மனைவிக்கு உட்கார்ந்து தைக்கும் வேலை. ஸ்கேன் வரை காத்திருக்கலாம். மசக்கையால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்தால், சூப்பர்வைசரிடம் மட்டும் சொல்லி, "மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பாரம் தூக்குகிறவர்கள், பூச்சி மருந்து அடிக்கும் வயலில் வேலை செய்கிறவர்கள், சாயம், இரசாயனம், எக்ஸ்ரே பக்கம் வேலை செய்கிறவர்கள் காத்திருக்கக் கூடாது. தெரிந்த உடனே பொறுப்பாளரிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். கணவர் மருந்து அடித்துவிட்டு வந்தால், அந்தத் துணியை மனைவி துவைக்க வேண்டாம். அவரே தனியாகத் துவைக்கட்டும்.

ஒருவேளை கலைந்துவிட்டால்

யாரிடம் சொல்வது என்பதற்கு ஒரு சுலபமான அளவுகோல் இருக்கிறது. கலைந்துவிட்டால் யாரிடம் போய் அழுவீர்களோ, அவர்களிடம் இப்போதே சொல்லுங்கள். யாரிடம் அந்தச் சேதியைச் சொல்லக் கூசுவீர்களோ, அவர்களிடம் ஸ்கேனுக்குப் பிறகு சொல்லுங்கள். ஊர் முழுக்கச் சொல்லியிருந்தால், "எத்தனை மாசம் இப்போ?" என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் துக்கத்தைத் திரும்பச் சொல்ல வேண்டி வரும். ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தால், அந்தப் பெண் மறுநாளே வழக்கம்போல் குடம் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவாள். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. இரண்டும் கஷ்டம்தான்.

"பஸ்ல போனதால ஆச்சு, பப்பாளி தின்னதால ஆச்சு" என்று பெண்ணைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் காரணம், கரு உண்டாகும்போதே அதன் மரபுக்கூறுகளில் நேர்ந்த கோளாறு. அதை எவராலும் தடுத்திருக்க முடியாது. மகப்பேறு நல விதிகள் பொருந்தும் கம்பெனிகளில் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள உரிமை இது.

இருவரும் ஒரே பேச்சாக

கணவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட, மனைவி வீட்டாருக்குப் பத்து நாள் கழித்து மூன்றாம் மனிதர் மூலமாகத் தெரிய வர, அதனால் வளைகாப்பு வரைக்கும் மனஸ்தாபம் நீண்ட குடும்பங்கள் உண்டு. ஆகவே சோதனை செய்த அன்று இரவே இருவரும் உட்கார்ந்து மூன்று பட்டியல் போடுங்கள்: இன்றைக்கே யாருக்கு, துடிப்பு பார்த்த பிறகு யாருக்கு, 12 வாரத்து ஸ்கேனுக்குப் பிறகு யாருக்கு. இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். முதல் பட்டியலில் முதல் பெயர் செவிலியர் பெயராக இருக்கட்டும்.