டார்ச் விளக்கில் பழைய கட்டையும் புதிய கட்டையும்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் இரவு நீர் பாய்ச்சச் செல்லும் அங்கத்தினர் பலரிடம் மூன்று கட்டை டார்ச் விளக்கு உண்டு. ஒளி மங்கினால் இரண்டு கட்டைகளை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டு, மூன்றாவதை அப்படியே விட்டுவிடுவதைச் சிலர் சிக்கனமென்று எண்ணுகின்றனர். அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

புதிய கட்டை ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் தரும். மூன்றும் சேர்ந்தால் 4.5. அவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதால், ஒரே மின்னோட்டம் மூன்றின் ஊடும் சென்றாக வேண்டும். பழைய கட்டையின் சரக்கு முதலில் தீர்ந்துவிடும். தீர்ந்த பின்னும் புதிய இரண்டும் அதன் வழியே மின்சாரத்தை வலிந்து தள்ளுகின்றன. அப்போது அதன் துருவம் தலைகீழாகிறது. புதியவை இரண்டும் 2.8 வோல்ட் தர, பழையது அதில் 0.5-ஐத் தின்றுவிட்டால், விளக்கிற்கு மிஞ்சுவது 2.3 மட்டுமே. ஒளி மஞ்சளாகிறது. புதிய கட்டை மட்டமானது என்று கடைக்காரரைக் குறை கூறி, பாதிச் சரக்கு மீந்திருக்கும் போதே மூன்றையும் எறிந்துவிடுகிறோம்.

கசிவும் இதனால் நேர்வதே. 1866-இல் பிரெஞ்சு நாட்டவரான லெக்லான்ஷே அமைத்த கலத்தின் வழிவந்த சாதாரணக் கட்டையில், வெளிக்கூடாகிய துத்தநாகமே எரிபொருளுமாகும். பயன்படப் பயன்பட அக்கூடு மெலிந்து ஓட்டையாகும். தீர்ந்த கட்டையில் மின்சாரம் புகுத்தப்படின் ஹைட்ரஜன் வாயு எழுந்து, உள்ளிருக்கும் உப்புக் குழம்பை அவ்வோட்டை வழியே வெளித்தள்ளும். சுருள்வில்லில் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சு படிவது இதன் அடையாளம்.

இருவகைக் கட்டைகளைக் கலப்பதும் இதே தீங்கைத் தரும். குழந்தையின் பொம்மையில் மூன்று அல்கலைன் கட்டையுடன் சாதாரணக் கட்டை ஒன்றைச் சேர்த்தால், எல்லாம் புதியனவாயினும் சரக்குக் குறைந்த சாதாரணக் கட்டையே முதலில் தீர்ந்து தலைகீழாகும். ஒரே வகையில் வேறு வேறு கம்பெனிக் கட்டைகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். அல்கலைன் கட்டையிலிருந்து கசிவது காரத்திரவம். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கையுறை அணிந்து, வினிகர் தோய்த்த பஞ்சினால் துடைக்கலாம். சாதாரணக் கட்டையின் கசிவிற்குச் சமையல் சோடா கரைத்த நீர் ஏற்றது.

எந்தக் கட்டை தீர்ந்தது என்றறிய, வெறுமனே மீட்டர் வைத்தல் போதாது. சோர்ந்த கட்டையும் 1.3 காட்டி ஏமாற்றும். சிறு பல்பு ஒன்றை அதனுடன் இணைத்து எரியவிட்டபடியே அளக்க வேண்டும். அப்போது 1 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குவது கழிக்கத் தக்கது. பொம்மையிலிருந்து எடுத்தவற்றுள் இறங்காது நிற்பதை ஒரே கட்டையில் ஓடும் சுவர்க் கடிகாரத்தில் போடலாம். தனியே இருக்கும் கட்டையைத் தலைகீழாக்க அங்கே வேறொன்று இல்லை.