அன்னையும் திருப்பாலனும்

இத்தாலிய ஓவியர் சிமாபுவே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரென்சு நகரத்துக் கோவிற் பீடமொன்றிற்காகத் தீட்டிய மரியன்னை படம் 12 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அன்னை அரியணையில் நிமிர்ந்து வீற்றிருக்கிறாள். மடியிலுள்ள பாலனோ, முதிர்ந்த முகத்தோடு கையுயர்த்தி ஆசி வழங்குகிறான். இவ்விறுக்கம் கைத்திறக் குறையன்று. பாலன் உலகாளும் இறைவன், அன்னையின் மடியே அவன் அரியணை என்னுங் கொள்கையே அவ்வுருவை வகுத்தது.

ஆயின், அசிசி நகரத்துப் பிரான்சிசு முனிவர் 1223-இல் கிரேச்சோ என்னும் ஊரில் மாட்டுத்தொழுவக் காட்சியை அமைத்து, இறைவன் ஏழைக் குழவியாய்ப் பிறந்தமையை மக்கள் கண்முன் நிறுத்தினார். அவ்வுணர்ச்சி ஓவியத்தினும் மெல்லப் புகுந்தது. ஏறக்குறைய 1300-இல் சியன்னா நகரத்துத் துச்சியோ தீட்டிய பலகை ஓரடி உயரமுமில்லாதது. தனித்திருந்து செபிப்பதற்கு ஏற்றது. அதன் சட்டத்தின் அடியில் மெழுகுதிரிச் சுடர் தீய்த்த வடு இன்றுமுண்டு. அதிற் பாலன் கைநீட்டி அன்னையின் முக்காட்டை விலக்குகிறான். அவள் முகத்திலோ, வருஞ் சிலுவையை முன்னறிந்தாற்போலத் துயரம் படிந்திருக்கிறது.

ஏறக்குறைய 1514-இல் ரபேல் தீட்டிய வட்டப் படத்தில் அரியணை நாற்காலியாயிற்று. அன்னை மகனை இறுகத் தழுவித் தலையோடு தலை சாய்க்கிறாள். அருகில் நிற்குஞ் சிறுவன் யோவானின் மெல்லிய சிலுவைக்கோலே அப்பழந் துயரை நினைவூட்டுகிறது.