ஸ்டேட்டஸ் அழைக்கும், கேட்டலாக் விற்கும்

பெங்களூருவிலிருந்து மைசூரு சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள சன்னபட்டணத்தில், அரக்குப் பூச்சு மரப்பொம்மைகளை வீட்டிலேயே செய்து விற்பவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மட்டும் நம்ப முடியாது. அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதைவிட முக்கியம், நீங்களும் வாடிக்கையாளரும் ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்திருந்தால்தான் அது அவர் கண்ணில் படும். நிறையப் பேர் வாங்கியும் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர் சிலரே என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பொம்மையை அல்ல, சேமிக்கப்படாத எண்ணை. பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுங்கள்.

நிலைத்து நிற்பது வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் கேட்டலாக்தான். ஒரு நடைவண்டி என்றால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், உயரம், எந்த வயதுக்கு, விலை, ஒரு குறியீட்டு எண் எல்லாம் அதில் வேண்டும். அதே எண்ணை ஸ்டேட்டஸிலும் போட்டால் ஆர்டரில் பொம்மை மாறாது. விலையைக் காட்டினால் போட்டியாளர் குறைத்து விற்பாரே என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அவர் வாடிக்கையாளரைப் போலக் கேட்டே தெரிந்துகொள்வார். விலை தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு விலகுபவரைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள். தீர்ந்துபோன பொருளை மட்டும் அன்றே கேட்டலாக்கில் மறைத்துவிடுங்கள்.